கணக்குப் பார்க்கும் நாளில் தெரியவரும் நட்பின் வகை

பயனுக்காக, இன்பத்துக்காக, நற்குணத்துக்காக என்று நட்பு மூன்று வகைப்படும் என அரிஸ்டாட்டில் சொன்னதைப் படித்த கையோடு பலரும் செய்யும் முதல் வேலை, கைப்பேசியில் உள்ள பெயர்களை மூன்றாகப் பிரிப்பது. இவர் பயன், அவர் பொழுதுபோக்கு, இந்த இரண்டு பேர் மட்டும் உண்மையானவர்கள். பிரித்து முடித்ததும் முதல் இரண்டு பட்டியலில் உள்ளவர்கள் மீது ஒரு சின்ன இளக்காரம் வந்துவிடுகிறது. அரிஸ்டாட்டில் எழுதியதன் நோக்கம் அதுவல்ல. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய 'நிக்கோமாக்கிய அறவியல்' 10 புத்தகங்களாக அமைந்தது. அதில் 8, 9 ஆகிய இரண்டும் முழுக்க நட்பைப் பற்றியவை. மூன்று வகைப் பிரிப்பு தொடக்கத்திலேயே முடிந்துவிடும். நண்பர்களுக்குள் மனக்கசப்பு எங்கே வருகிறது, யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார், எப்போது விலகலாம் என்பவை பிறகுதான் வருகின்றன. நடைமுறைக்கு உதவும் பக்கங்கள் அவைதான். குறிப்பாக 8ஆம் புத்தகத்தின் 13ஆம் அத்தியாயமும், 9ஆம் புத்தகத்தின் 1, 3 அத்தியாயங்களும்.

முதலில் நட்பு என்று எதைச் சொல்கிறார் என்பதைப் பார்த்துவிடலாம். ஒருவர் நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்புவது மட்டும் போதாது. அந்த விருப்பம் இரு பக்கமும் இருக்க வேண்டும். இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்தும் இருக்க வேண்டும். மதுவை எவ்வளவு நேசித்தாலும் அதனோடு யாரும் நட்பாக முடியாது என்கிறார். அது கெடாமல் இருக்க வேண்டும் என்று விரும்புவதெல்லாம் நாம் குடிப்பதற்காகத்தான். முகம் பார்த்திராத ஒருவரை மதிப்பதும் நட்பல்ல, வெறும் நல்லெண்ணம்.

இந்த நல்லெண்ணம் எதைப் பற்றிக்கொண்டு வளர்கிறது என்பதை வைத்துத்தான் வகை வருகிறது. இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். இருவருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்து வகையைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று வகையிலும் உதவி நடக்கும், சிரிப்பு இருக்கும், பாராட்டும் இருக்கும். நற்குணத்தால் நண்பர்களானவர்கள் ஒருவருக்கொருவர் பயனாகவும் இனிமையாகவும் இருப்பார்கள் என்பதை அரிஸ்டாட்டிலே சொல்லிவிடுகிறார். ஆகவே 'அவரால் எனக்கு நிறைய உதவி கிடைக்கிறது, அப்படியானால் இது பயன் நட்புதானோ' என்று குழம்பத் தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எது இல்லாமல் போனால் இந்தப் பழக்கம் நின்றுவிடும்? உதவி தேவைப்படாத காலத்திலும் பேச்சு தொடர்ந்தால், உதவி அதன் அடித்தளம் அல்ல. சேர்ந்து பொழுதுபோக்கிய வழக்கம் நின்றபோது பேச்சும் நின்றால், அந்தப் பொழுதுபோக்குதான் அடித்தளமாக இருந்திருக்கிறது.

பயனைச் சீர்தூக்கும் நட்பை வள்ளுவர் விலைமகளிரோடும் கள்வரோடும் ஒரே வரிசையில் வைக்கிறார் (குறள் 813). அரிஸ்டாட்டில் அவ்வளவு கடுமையாக இல்லை. நிறைவான நட்பின் சாயல் இருப்பதால் மற்ற இரண்டையும் நட்பு என்றே அழைக்கலாம் என்கிறார். சேர்ந்து தொழில் செய்பவர்கள், ஒரே ஊர்தியில் தினமும் பயணம் செய்து பேசிச் சிரிப்பவர்கள் எல்லோரும் தப்பான உறவில் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. அவை நிலையற்றவை என்பது மட்டும்தான் அவருடைய கணிப்பு. பயன் மாறும், ரசனையும் மாறும். இளைஞர்கள் ஒரே நாளுக்குள் பலமுறை இப்படிச் சேர்ந்து பிரிகிறார்கள் என்றுகூட எழுதியிருக்கிறார்.

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? ஒருவர் ஒரு காரணத்துக்காகவும் மற்றவர் வேறொரு காரணத்துக்காகவும் நண்பராக இருக்கும்போது. அதைவிடவும், தன்னுடைய காரணம் என்னவென்று தனக்கே தெரியாமல் இருக்கும்போது. இதைப் பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஓர் எடுத்துக்காட்டைக் கட்டியெழுப்பிப் பார்க்கலாம்.

ஒருவர் கணக்காளர், இன்னொருவர் சிறிய அச்சகம் நடத்துபவர். 6 ஆண்டுப் பழக்கம். கணக்காளர் மாதம் ஒருமுறை அச்சகத்துக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து கணக்கெல்லாம் சரிபார்த்துக் கொடுப்பார், கட்டணம் வாங்கியதில்லை. அச்சகக்காரர் கணக்காளரின் அலுவலகத் தாள்களையும் முகவரி அட்டைகளையும் காசு வாங்காமல் அச்சடித்துத் தருவார். வார இறுதியில் மாலை நேரம் இருவரும் சேர்ந்துதான் இருப்பார்கள். அச்சகக்காரர் நன்றாகப் பேசுவார், யாரைப் போலவும் நடித்துக் காட்டுவார். ஒருநாள் கணக்காளருக்குக் கடன் தேவைப்படுகிறது. நண்பரை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கிறார். "வேறு எது வேண்டுமானாலும் கேள், ஜாமீன் மட்டும் வேண்டாம்" என்கிறார் அவர். கணக்காளருக்குக் கோபம். 6 ஆண்டு, மாதம் அரை நாள் என்றால் மொத்தம் 36 நாள் உழைப்பு. "இவ்வளவு செய்தேனே" என்கிறார். "நானா கேட்டேன்? நீயாகத்தானே செய்தாய். வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் நடந்திருக்கும்" என்று பதில் வருகிறது.

8ஆம் புத்தகத்தின் 13ஆம் அத்தியாயத்தில் ஏறக்குறைய இதே உரையாடல் இருக்கிறது. உதவி பெற்றவர், கிடைத்தது கொடுத்தவருக்குச் சின்ன விஷயம், வேறு யாரிடமிருந்தும் கிடைத்திருக்கும் என்று குறைத்துச் சொல்வார். கொடுத்தவர், தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைக் கொடுத்தேன், வேறு யாரும் தந்திருக்க மாட்டார்கள் என்று கூட்டிச் சொல்வார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அளக்கும் கோல்தான் வேறு வேறு.

இப்படி வருவதற்கான காரணத்தையும் அவர் காட்டுகிறார். பயன் நட்பு இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, நிபந்தனையைச் சொல்லிவிட்டுச் செய்வது: இதற்கு இது, இத்தனை நாளில். இன்னொன்று, நிபந்தனை எதுவும் சொல்லாமல், நண்பனுக்குச் செய்வதுபோலச் செய்துவிட்டு, சமமாகவோ கூடுதலாகவோ திரும்பி வரும் என்று உள்ளுக்குள் எதிர்பார்ப்பது. மனக்கசப்பு எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது விதத்தில்தான். முதல் விதத்தில் சண்டை வந்தாலும் எதற்காகச் சண்டை என்பது தெளிவாக இருக்கும். கணக்காளர் செய்தது இரண்டாவது விதம். அவர் அதைக் கடனாகக் கொடுத்தார், பரிசு என்று சொல்லிக்கொண்டார். தனக்கேகூட அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

சரி, அச்சகக்காரர் எதையாவது திருப்பித் தர வேண்டுமா? தர வேண்டும் என்பதே அரிஸ்டாட்டிலின் பதில். முடிந்தால், நிபந்தனை பேசி வாங்கியதுபோலவே நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஒருவரை அவர் விரும்பாமல் நண்பராக்கிக்கொள்ளக் கூடாது என்கிறார். எவ்வளவு என்பதற்கும் அளவு சொல்கிறார். பயன் நட்பில் பெற்றவருக்கு எவ்வளவு நன்மை என்பதே அளவு, கொடுத்தவர் பட்ட பாடு அல்ல. 9ஆம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இதற்கு ஒரு திருத்தமும் உண்டு. பொருள் கைக்கு வந்த பிறகு தோன்றும் மதிப்பை எடுத்துக்கொள்ளாதே, வருவதற்கு முன் என்ன மதிப்புப் போட்டிருப்பாயோ அதை எடுத்துக்கொள். மிகக் கூர்மையான திருத்தம் இது. கைக்கு வந்ததெல்லாம் மலிவாகத் தெரிவது மனித சுபாவம்.

இந்த அளவை வைத்துப் பார்த்தால் கணக்குத் தெளிவாகிவிடுகிறது. முதல் ஆண்டில் வேறொரு கணக்காளரை அமர்த்தியிருந்தால் அச்சகக்காரர் என்ன கட்டணம் பேசியிருப்பார்? அதில் தாள்களையும் அட்டைகளையும் அச்சடித்த கூலியைக் கழித்தால் மீதி என்ன? அந்த மீதியை அவர் பணமாகவோ வேலையாகவோ தரக் கடன்பட்டவர். ஜாமீன் அந்த மீதிக்குள் அடங்காது. கட்டணத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஜாமீனில் முழுக் கடனும் தலையில் வந்து விழலாம். 36 நாள் உழைப்புக்கு ஈடாக ஜாமீன் கேட்ட கணக்காளர், ஒரு கோலால் அளந்து கொடுத்ததற்கு இன்னொரு கோலால் அளந்து கேட்கிறார்.

வார இறுதி மாலைகள் இந்தக் கணக்கில் வராது. அவற்றில் இருவரும் ஒரே பொருளைக் கொடுத்து ஒரே பொருளை வாங்கிக்கொண்டார்கள், அன்றன்றைக்கே தீர்ந்தது. இரண்டையும் கலப்பதால்தான் குழப்பம். இதற்கும் 9ஆம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு கதை இருக்கிறது. யாழ் வாசிப்பவர் ஒருவரிடம், நன்றாக வாசிக்க வாசிக்கக் கூடுதலாகத் தருகிறேன் என்று ஒருவர் வாக்களித்தாராம். மறுநாள் காலையில் கூலி கேட்டால், 'நீ எனக்கு இன்பம் கொடுத்தாய், பணம் வரும் என்ற எதிர்பார்ப்பால் நானும் உனக்கு இன்பம் கொடுத்துவிட்டேன்' என்றாராம். இருவருமே இன்பத்தைத் தேடியிருந்தால் அது சரியான பதில். ஒருவர் தேடியது இன்பம், மற்றவர் தேடியது சம்பாத்தியம் என்பதால் அது மோசடி. அச்சகக்காரர் 'எத்தனை மாலை உன்னைச் சிரிக்க வைத்தேன்' என்று பதில் சொன்னால் அதுவும் இதே வகையில் சேரும்.

இதுவரை கணக்காளர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருடைய உண்மையான மனக்குறை கட்டணத்தைப் பற்றியது அல்ல. 'இதை நல்ல நட்பு என்று நம்பினேன், அவன் பயனுக்காகப் பழகியிருக்கிறான்' என்பதே அவர் சொல்வது. 9ஆம் புத்தகத்தின் 3ஆம் அத்தியாயம் இங்கே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறது: அவர் அப்படி நடித்தாரா, அல்லது நீயாக அப்படி நினைத்துக்கொண்டாயா? நடித்திருந்தால், அவர் கள்ள நாணயம் அடிப்பவரைவிட மோசமானவர். நாணயத்தைவிட மதிப்பான ஒன்றில் அல்லவா கை வைத்திருக்கிறார். அவர் எதையும் காட்டிக்கொள்ளாமல் நாமாக நினைத்துக்கொண்டிருந்தால், குறைசொல்ல வேண்டியது நம்மையே.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு விவரத்தைச் சேர்த்துப் பார்க்கலாம். மாதாமாதம் கணக்கைப் பார்த்தவருக்கு, அச்சகத்தில் வேலை செய்பவர்களுக்குக் கூலி இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவது தெரியும். கையில் பணம் இருந்தும் தள்ளிப்போகிறது. 6 ஆண்டில் ஒருமுறைகூட அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் மாலை கெட்டுவிடும். நல்லவர்கள் தாங்களும் தவறு செய்ய மாட்டார்கள், நண்பரையும் தவறு செய்ய விட மாட்டார்கள் என்கிறது 8ஆம் புத்தகத்தின் 8ஆம் அத்தியாயம். அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால், கணக்காளரின் பக்கமும் நற்குண நட்பு அல்ல. நண்பரின் குணம் எப்படிப் போகிறது என்பதைவிடத் தன் மாலைப்பொழுது எப்படிப் போகிறது என்பதே அவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. ஏமாற்றப்பட்டதாக வருந்துபவர்கள் இந்தச் சோதனையைத் தங்கள் மீதே முதலில் நடத்திப் பார்ப்பது நல்லது. நண்பரிடம் கசப்பான உண்மை ஒன்றைச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் எப்போது வந்தது, அப்போது என்ன செய்தோம்? அப்படி ஒரு சந்தர்ப்பமே வரவில்லை என்றால், இது எந்த வகை என்று முடிவுசெய்ய இன்னும் காலம் ஆகவில்லை. சேர்ந்து உப்பு தின்று தீர்க்கும்வரை ஒருவரையொருவர் அறிய முடியாது என்ற கிரேக்கப் பழமொழியை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுவது இதற்காகத்தான்.

இனி, நட்புக்கு அறமதிப்பு எதனால் வருகிறது என்ற கேள்விக்கு வரலாம். எளிய விடை, மற்றவருக்கு அவருடைய பொருட்டே நல்லதை விரும்புவது. இதன் பொருளை 1976இல் மெய்யியலாளர் மைக்கேல் ஸ்டாக்கர் எழுதிய எடுத்துக்காட்டு நன்றாகக் காட்டுகிறது. மருத்துவமனையில் படுத்திருக்கிறோம், ஒருவர் திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறார். எவ்வளவு நல்ல நண்பர் என்று நெகிழ்ந்து நன்றி சொல்கிறோம். அவர், 'இதுதான் என் கடமை, இதுதான் சிறந்தது என்று தோன்றியது, அதனால் வந்தேன்' என்கிறார். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அதுதான் காரணம். கேட்டதும் ஏதோ குறைந்துபோகிறது. அவர் செய்ததில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் வந்தது நமக்காக அல்ல. நம் இடத்தில் வேறு யார் படுத்திருந்தாலும் வந்திருப்பார்.

இந்த 'அவருடைய பொருட்டு' என்பது பயன் நட்பிலும் இன்ப நட்பிலும் இருக்க முடியுமா? ஆய்வாளர்கள் ஒத்துப்போகாத இடம் இது. முடியும் என்று 1977இல் ஜான் கூப்பர் வாதாடினார். பயனால் தொடங்கிய பழக்கத்தில், பயனைக் காரணமாகக் கொண்டே ஒருவர் மீது உண்மையான அக்கறை வளரலாம் என்பது அவருடைய வாசிப்பு. ஆனால் 9ஆம் புத்தகத்தின் 5ஆம் அத்தியாயம், பயனிலிருந்தும் இன்பத்திலிருந்தும் நல்லெண்ணம் எழுவதில்லை என்று சொல்வதுபோலத்தான் இருக்கிறது. இரண்டையும் பொருத்துவது எளிதல்ல. நடைமுறையில் பார்த்தால் கூப்பர் சொல்வதே பொருந்துவதாகத் தோன்றுகிறது. அச்சகக்காரர் காய்ச்சலில் கிடந்தால் கணக்காளர் மருந்து வாங்கிக்கொண்டு போவார், அடுத்த மாதக் கணக்கை நினைத்துக்கொண்டு போக மாட்டார். அந்த அக்கறை உண்மைதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. நட்பின் அடித்தளத்தையே உடைக்கும் இடம்வரை அது போகாது. கூலி விஷயத்தைப் பேசாமல் விட்டது அந்த எல்லையில்தான். ஆகவே முதல் இரண்டு வகைகளிலும் அறமதிப்பு அறவே இல்லை என்பது தவறு. இருக்கிறது, ஆனால் சோதனையான இடத்தில் நின்றுவிடுகிறது.

மூன்றாவது வகைக்கு எதிராகவும் வலுவான கேள்வி உண்டு. நற்குணத்துக்காக ஒருவரை நேசிக்கிறேன் என்றால், அதே குணமுள்ள இன்னொருவர் வந்தால் அவரை வைத்துக்கொண்டு இவரை விட்டுவிடலாமா? அப்படியானால் நேசிப்பது ஆளையா, குணத்தையா? இங்கே நற்குணம் என்பதை ஒரு பட்டியலாக நினைத்தால் சிக்கல் தீராது. நேர்மை, பொறுமை, துணிவு என்று எழுதிவைத்தால் அந்தப் பட்டியலில் பலர் பொருந்துவார்கள். ஆனால் ஒருவருடைய நேர்மை நமக்குத் தெரியவருவது, குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு நெருக்கடியில், அவர் நம்மோடு எடுத்த ஒரு முடிவு வழியாக. அதை வேறொருவரிடம் மாற்ற முடியாது. நண்பர்கள் சேர்ந்து வாழ்வது, பேச்சையும் சிந்தனையையும் பகிர்வதுதான், கால்நடைகள் ஒரே இடத்தில் மேய்வது அல்ல என்று அரிஸ்டாட்டில் 9ஆம் புத்தகத்தின் 9ஆம் அத்தியாயத்தில் வலியுறுத்துவதும் இதையொட்டித்தான். பயன் அப்படியில்லை. அதே கட்டணத்தில் அதே கணக்கைப் பார்க்கும் இன்னொருவர் கிடைத்தால் எதுவும் குறையாது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்றும் இருக்கிறது. 2000இல் மெய்யியலாளர்கள் டீன் காக்கிங்கும் ஜெனட் கென்னட்டும் எழுதிய கட்டுரை, நட்பின் மதிப்பே அறத்தைச் சார்ந்ததல்ல என்கிறது. தற்செயலாக ஒருவரைக் கொன்றுவிட்ட நண்பனுக்குப் பிணத்தை மறைக்க உதவுபவர் அவர்களுடைய எடுத்துக்காட்டு. அறத்தின்படி அவர் செய்தது தவறு, ஆனாலும் அவர் நல்ல நண்பர் இல்லை என்று சொல்ல வாய் வருகிறதா? வராது என்பது உண்மை. அந்த அளவில் அவர்கள் சொல்வதை ஏற்கத்தான் வேண்டும்: நெருக்கமும் விசுவாசமும் ஒரு மதிப்பு, அது தானாக அறமாகிவிடாது. ஆனால் கேட்டது அறமதிப்பைப் பற்றி என்றால் அரிஸ்டாட்டிலின் பக்கமே கனமாக இருக்கிறது. பிணத்தை மறைக்க உதவியவர் நண்பனுக்கு வேண்டியதைச் செய்தார், நண்பனுக்கு நல்லதைச் செய்தாரா என்பது வேறு கேள்வி. ஆண்டுக்கணக்கில் அந்த ரகசியத்தைச் சுமக்கப்போவது யார் என்று யோசித்தால் விடை அவ்வளவு எளிதாக வராது.

கடைசியாக, விலகுவது பற்றி. பயன் நட்போ இன்ப நட்போ, அடித்தளம் போனபின் விலகினால் அதில் குற்றம் ஒன்றுமில்லை என்கிறார் அரிஸ்டாட்டில், அதை நீட்டி விளக்கவுமில்லை. நற்குணத்துக்காக நேசித்தவர் கெட்டுப்போனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. உடனே விலகாதே, திருந்தக்கூடியவராக இருந்தால் உதவு, சொத்தை மீட்க உதவுவதைவிடக் குணத்தை மீட்க உதவுவது நட்புக்கு நெருக்கமானது என்கிறார். திருந்தவே வழியில்லை என்றால் விலகுவதில் விந்தை ஒன்றுமில்லை, நாம் நண்பராக இருந்தது இந்த மனிதருக்கு அல்லவே.

கணக்காளர் இப்போது என்ன செய்யலாம்? ஜாமீன் பேச்சை விட்டுவிட்டு, இனி கணக்குக்குக் கட்டணம், அச்சுக்குக் கூலி என்று பேசிவிடலாம். மாலைகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அவற்றில் கள்ளம் எதுவும் இல்லை. கூலி விஷயத்தைப் பேசுவது மூன்றாவது வேலை. அதைக் கட்டணப் பேச்சு முடிந்து, சில வாரம் கழித்து, தனியாகப் பேச வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பேசினால், ஜாமீன் தராத கோபத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறான் என்றுதான் அச்சகக்காரர் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்வதில் பாதி நியாயமும் இருக்கும். பேசிய பிறகு அவர் கோபித்துக்கொண்டு மாலைகளுக்கு வராமல் போகலாம். அப்படிப் போனாலும், முன்பு நெருக்கமாக இருந்தவரை அந்நியரைப் போல நடத்தக் கூடாது, பழைய பழக்கத்துக்காகக் கொஞ்சம் கூடுதலான பரிவு காட்ட வேண்டும் என்று 9ஆம் புத்தகத்தின் 3ஆம் அத்தியாயம் முடிகிறது. அதற்கு அரிஸ்டாட்டில் விதிவிலக்கு வைப்பது ஒரே ஒரு இடத்தில்தான்: பிரிவுக்குக் காரணம் அளவுமீறிய கயமையாக இருந்தால்.